பூமி வித்த பணத்துக்கு வரி உண்டா? ஆறு கிலோமீட்டரில் பிரிந்த அண்ணன் தம்பி

'விவசாய பூமி வித்த பணத்துக்கு வருமான வரி இல்லை' என்பது திருப்பூரைச் சுற்றியுள்ள ஊர்களில் எல்லோரும் சொல்லும் பேச்சு. டீக்கடையிலும் சொல்வார்கள், பத்திரம் எழுதும் இடத்திலும் சொல்வார்கள். இது பாதிதான் உண்மை. கிராமத்து விவசாய நிலத்தை வருமான வரிச் சட்டம் 'மூலதனச் சொத்து' என்று பார்ப்பதில்லை. அதனால் அதை விற்று வரும் லாபத்துக்கு வரி இல்லை. ஆனால் எது கிராமத்து நிலம் என்பதைச் சட்டம் ஊர்ப் பெயரை வைத்து முடிவு செய்யவில்லை. பக்கத்து நகராட்சி எல்லையிலிருந்து எத்தனை கிலோமீட்டர் என்பதை வைத்துத்தான் முடிவு செய்கிறது. கிராம ஊராட்சிக்குள் இருக்கும், பட்டாவில் புஞ்சை என்று இருக்கும், வருடா வருடம் சோளம் விதைக்கும் காடுகூட இந்தக் கணக்கில் நகர்ப்புற நிலமாகிவிடலாம்.

பல்லடம் வட்டத்தில் திருப்பூர் சாலையிலிருந்து உள்ளே தள்ளி இருக்கும் ஒரு கிராமத்து அண்ணன் தம்பிக்கு நடந்ததைப் பார்த்தால் இது தெளிவாகப் புரியும். அப்பா காலத்துப் பூமி பாகப்பிரிவினையில் ஆளுக்கு இரண்டு ஏக்கராக வந்தது. அண்ணனுக்கு ஓடைக்கு வடபுறம், தம்பிக்குத் தென்புறம். இரண்டுக்கும் இடையே முக்கால் கிலோமீட்டர்கூட இருக்காது. கிணற்றில் தண்ணீர் குறைந்துபோனது. களை எடுக்க வேண்டிய ஆட்கள் விடியற்காலையிலேயே பனியன் கம்பெனி வேனில் ஏறிப் போய்விடுகிறார்கள். 2024 ஆகஸ்டில் இருவரும் ஒரே ஆளுக்குத் தனித்தனிப் பத்திரமாக விற்றார்கள். ஏக்கர் 24 லட்சம் வீதம் ஆளுக்கு 48 லட்சம் கிடைத்தது. அண்ணன் அந்தப் பணத்தில் பழைய கடனை அடைத்தார், மகள் கல்யாணத்தை முடித்தார். மீதி சுமார் 20 லட்சம் பேங்கில் இருந்தது.

வாங்கியவர் பணம் தரும்போது வரி எதுவும் பிடிக்கவில்லை. சொத்தின் விலை 50 லட்சமோ அதற்கு மேலோ இருந்தால்தான் வாங்குபவர் ஒரு சதவிகிதம் பிடித்துக் கட்ட வேண்டும். அப்போதும் கிராமத்து விவசாய நிலம் என்றால் பிடிக்க வேண்டியதில்லை. இந்த விலை 48 லட்சம் என்பதால் பிடித்தம் என்ற பேச்சே எழவில்லை. 'பிடிக்கவில்லை என்றால் வரி இல்லை என்றுதானே அர்த்தம்' என்று இருவரும் இருந்துவிட்டார்கள். இங்கேதான் பலரும் தவறுகிறார்கள். பிடித்தம் வேறு, வரி வேறு. 30 லட்சமோ அதற்கு மேலோ உள்ள ஒவ்வொரு பத்திரத்தின் விவரத்தையும் சார்பதிவாளர் அலுவலகம் வருமான வரித் துறைக்கு அனுப்பியாக வேண்டும். விற்றவரின் பான் எண்ணில் அந்த விற்பனை பதிவாகிவிடும். 2025 ஜூனில் கணக்குத் தாக்கல் செய்யலாம் என்று தம்பி ஆடிட்டரிடம் போனபோது, அவருடைய வருடாந்திரத் தகவல் அறிக்கையில் 48 லட்சம் தயாராக நின்றது.

"பூமி எங்கே இருக்குதுங்க? முனிசிபாலிட்டியிலிருந்து எவ்வளவு தூரம்?" என்று ஆடிட்டர் கேட்டார்.

"நம்மளுதுக்குப் பக்கத்து டவுன் பல்லடம்ங்க. அங்கிருந்து மூணு கிலோமீட்டருக்கு மேல இருக்கும்" என்றார் தம்பி.

சட்டத்தில் மூன்று தூரங்கள் உள்ளன. நகராட்சியின் மக்கள்தொகை 10,000க்கு மேல் ஒரு லட்சம் வரை என்றால், அதன் எல்லையிலிருந்து 2 கிலோமீட்டருக்குள் இருக்கும் விவசாய நிலம் மூலதனச் சொத்து. ஒரு லட்சத்துக்கு மேல் பத்து லட்சம் வரை என்றால் 6 கிலோமீட்டர். பத்து லட்சத்துக்கு மேல் என்றால் 8 கிலோமீட்டர். நகராட்சி எல்லைக்குள்ளேயே இருக்கும் நிலத்துக்கு, அந்த ஊரின் மக்கள்தொகை 10,000 ஆகிவிட்டாலே இந்தக் கணக்குத் தேவையில்லை. அது மூலதனச் சொத்துதான். மக்கள்தொகை என்பது கடைசியாக வெளியான கணக்கெடுப்பின்படி. விற்ற நிதியாண்டு தொடங்கும் முன்பே அந்த எண்ணிக்கை வெளியாகியிருக்க வேண்டும். இவர்கள் விற்ற ஆண்டுக்கு அது 2011 கணக்கெடுப்பு.

2011இல் பல்லடம் நகராட்சியின் மக்கள்தொகை சுமார் 42,000. எனவே பல்லடத்துக்கு 2 கிலோமீட்டர் வரம்பு. தம்பி சொன்னது போல மூன்று கிலோமீட்டருக்கு மேல் என்றால் பல்லடத்தைப் பொறுத்தவரை கவலை இல்லை. நகராட்சியில் அதற்கான சான்றையும் வாங்கி வந்துவிட்டார்.

ஆனால் சட்டம் 'அருகில் உள்ள நகராட்சி' என்று சொல்லவில்லை. எந்த நகராட்சியாக இருந்தாலும் அதன் வரம்புக்குள் நிலம் வரக்கூடாது என்கிறது. பல்லடம் பக்கத்தில் இருந்தாலும் அதன் வட்டம் சிறியது. திருப்பூர் தள்ளி இருந்தாலும் அதன் வட்டம் பெரியது. 2011 கணக்கெடுப்பில் திருப்பூர் மாநகராட்சியின் மக்கள்தொகை 4,44,352. அதே ஆண்டில் 15 வேலம்பாளையம், நல்லூர் நகராட்சிகளும் சுற்றியிருந்த சில ஊராட்சிகளும் மாநகராட்சியோடு சேர்ந்தன. விரிந்த எல்லைக்குக் கணக்கிட்டால் சுமார் 8.8 லட்சம். எந்த எண்ணிக்கையை எடுத்தாலும் ஒரு லட்சத்துக்கும் பத்து லட்சத்துக்கும் இடையில்தான் வருகிறது. எனவே திருப்பூருக்கு வரம்பு 6 கிலோமீட்டர். பல்லடத்துச் சான்று பல்லடத்தை மட்டும்தான் விலக்கியது. திருப்பூர் பாக்கி இருந்தது.

"அப்ப அதுவும் இருக்குதுங்களே" என்று அண்ணன் ஒரு தாளை நீட்டினார். கிராம நிர்வாக அலுவலர் கொடுத்த சான்று அது. 'மேற்படி நிலம் திருப்பூரிலிருந்து சாலை வழியாக 12 கி.மீ. தொலைவில் உள்ளது' என்று இருந்தது. ஆடிட்டர் அதைப் படித்துவிட்டு ஓரமாக வைத்தார். அந்தத் தாளில் பொய் எதுவும் இல்லை. ஆனால் சட்டம் கேட்கும் கேள்விக்கு அதில் பதில் இல்லை.

காரணம் இரண்டு. முதலாவது, தூரத்தை எங்கிருந்து அளப்பது என்பது. பஸ் ஸ்டாண்டிலிருந்தோ மாநகராட்சி அலுவலகத்திலிருந்தோ அளப்பதில்லை. மாநகராட்சியின் எல்லைக் கோட்டில் நிலத்துக்கு மிக அருகே இருக்கும் இடத்திலிருந்து அளக்க வேண்டும். ஊரின் நடுவிலிருந்து 12 கிலோமீட்டர் இருக்கும் காடு, எல்லையிலிருந்து பாதி தூரத்தில்கூட இருக்கலாம். இரண்டாவது, எந்த வழியில் அளப்பது என்பது. இப்போது சட்டம் சொல்வது வான்வழித் தூரம். அதாவது காக்கை பறக்கும் நேர்கோடு. ரோடு வளைந்து வளைந்து போனாலும், ஓடையைச் சுற்றிப் போனாலும் அந்தச் சுற்றுக்குக் கணக்கில் இடமில்லை.

ஒரு காலத்தில் ரோட்டு வழித் தூரம் செல்லுபடியானது. பஞ்சாப்-அரியானா உயர் நீதிமன்றம் முதலியவை, மக்கள் நடமாடும் சாலை வழியில்தான் அளக்க வேண்டும் என்று தீர்ப்புச் சொல்லியிருக்கின்றன. 2013ஆம் ஆண்டு நிதிச் சட்டம்தான் 'வான்வழியாக அளந்த தூரம்' என்ற சொல்லைச் சேர்த்தது. 2014-15 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து அது நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய ஆண்டுகளின் விற்பனைக்கு வான்வழி அளவைத் திணிக்கக் கூடாது என்று பம்பாய் உயர் நீதிமன்றத்தின் நாக்பூர் அமர்வு சொன்னதை ஏற்று, மத்திய நேரடி வரிகள் வாரியம் 2015 அக்டோபரில் 17/2015 எண்ணுள்ள சுற்றறிக்கை வெளியிட்டது. 2010 வாக்கில் பூமி விற்ற மாமன் மச்சான் சொல்வதைக் கேட்டு இன்றைக்கு ரோட்டு வழிச் சான்று வாங்குவது இதனால்தான் பயன்படாமல் போகிறது. அவர்கள் சொன்னது அன்றைக்குச் சரி.

ஆடிட்டர் சொன்னபடி இருவரும் முதலில் வீட்டிலேயே ஒரு முன்கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். பட்டாவையும் புல வரைபடத்தையும் eservices.tn.gov.in தளத்தில் எடுத்தார்கள். கல்லூரியில் படிக்கும் தம்பி மகன் கணினியில் கூகுள் எர்த்தைத் திறந்து, நிலத்தின் மாநகராட்சிப் பக்க மூலையைக் குறித்து, எல்லையின் அருகிலுள்ள இடம் வரை அளவுகோலால் நேர்கோடு இழுத்தான். அண்ணன் பூமிக்கு ஐந்தரைக்கு மேல் காட்டியது. தம்பி பூமிக்கு ஆறேகால் பக்கம் வந்தது. இந்த அளவு ஆதாரம் ஆகாது. ஆனால் எங்கே நிற்கிறோம் என்று தெரிந்துகொள்ள இது போதும். ஒன்பது, பத்து என்று வந்தால் நிம்மதியாக இருக்கலாம். ஐந்தே முக்காலுக்கும் ஆறேகாலுக்கும் நடுவில் வந்தால், அதிகாரபூர்வ அளவு இல்லாமல் எதையும் முடிவு செய்யக்கூடாது.

பிறகு மாநகராட்சி ஆணையருக்குத் தனித்தனியாக மனு எழுதினார்கள். இந்த மனுவில் என்ன கேட்கிறோம் என்பதுதான் முக்கியம். 'தூரச் சான்று வேண்டும்' என்று மட்டும் எழுதினால், வருகிற சான்றிலும் பொத்தாம்பொதுவாக ஒரு வரிதான் இருக்கும். அவர்கள் கேட்டது மூன்று. கிராமத்தின் பெயரோடு சர்வே எண், உட்பிரிவு எண்ணைக் குறிப்பிட்டு, விற்ற தேதியில் அந்த நிலம் மாநகராட்சி எல்லைக்கு வெளியே இருந்ததா என்பது ஒன்று. அந்தத் தேதியில் இருந்த எல்லையின் மிக அருகிலுள்ள இடத்திலிருந்து நிலம் வரை வான்வழித் தூரம் எவ்வளவு என்பது இரண்டு. 2011 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை எவ்வளவு என்பது மூன்று. மனுவோடு பட்டா, புல வரைபடம், பத்திர நகல், எல்லையையும் நிலத்தையும் காட்டும் வரைபடம் ஆகியவற்றை இணைத்தார்கள்.

எந்தச் சான்று வேண்டும், யார் தர வேண்டும் என்று சட்டத்தில் எங்கும் எழுதியிருக்கவில்லை. வட்டாட்சியர் சான்றும் கொடுக்கலாம், நில அளவைத் துறையின் அளவும் கொடுக்கலாம். ஆனால் எல்லை எது என்பதை உறுதியாகச் சொல்லும் இடம் நகராட்சிதான். நிலம் எது என்பதை உறுதியாகச் சொல்வது வருவாய்த் துறை. எனவே நகராட்சிச் சான்றில் சர்வே எண் இருந்து, அதே எண்ணுக்கு அடங்கலும் பட்டாவும் கையில் இருந்தால் இரண்டும் ஒன்றையொன்று தாங்கும். சர்வே எண் இல்லாமல் கிராமத்தின் பெயரை மட்டும் சொல்லும் சான்று, இவர்களைப் போல வரம்புக் கோடு கிராமத்தின் நடுவே ஓடுகிற இடத்தில் எதற்கும் ஆகாது.

சான்று வந்தது. அண்ணன் பூமி 5.6 கிலோமீட்டர், தம்பி பூமி 6.3 கிலோமீட்டர். ஒரே அப்பாவின் பூமி, ஒரே விலை, ஒரே நாள் பத்திரம். தம்பிக்கு வரி இல்லை. அண்ணனுக்கு உண்டு.

அண்ணனின் கணக்கைப் பார்ப்போம். பரம்பரைப் பூமி என்பதால் 2001 ஏப்ரல் 1 அன்றைய மதிப்பை வாங்கிய விலையாக வைத்துக்கொள்ளலாம். அந்த மதிப்பு அன்றைய வழிகாட்டி மதிப்பைத் தாண்டக்கூடாது. ஏக்கர் இரண்டு லட்சம் என்று இரண்டு ஏக்கருக்கு 4 லட்சம் வந்தது. 48 லட்சத்தில் 4 லட்சம் போக லாபம் 44 லட்சம். அவருக்கு வரிக்கு உட்பட்ட வேறு வருமானம் இல்லாததால், புதிய வரி முறையில் அந்த ஆண்டுக்குரிய 3 லட்ச விலக்கைக் கழித்தால் 41 லட்சம். 2024 ஜூலை 23க்குப் பிந்தைய விற்பனை என்பதால் 12.5 சதவிகிதம். அது 5,12,500 ரூபாய். அதன் மேல் 4 சதவிகிதம் செஸ் சேர்த்தால் 5,33,000 ரூபாய். அந்தத் தேதிக்கு முன்பு வாங்கிய நிலத்துக்கு, பணவீக்கக் குறியீட்டால் வாங்கிய விலையை உயர்த்தி 20 சதவிகிதம் கட்டும் பழைய வழியும் உண்டு. இவருக்கு அதில் வரி கூடுதலாக வந்ததால் அதை விட்டுவிட்டார்கள்.

"ரோட்டுல போனா ரெண்டு பேர் காட்டுக்கும் ஒரே தூரம்தானுங்க" என்று அண்ணன் ஆற்றாமையோடு சொன்னார். ஆடிட்டர் அதை மறுக்கவில்லை. அவருக்குத் திறந்திருந்த இன்னொரு வழியைக் காட்டினார்.

வரம்புக்குள் வரும் விவசாய நிலத்தை விற்றவர், விற்பதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகள் அதில் தானோ பெற்றோரோ விவசாயம் செய்திருந்தால், விற்ற தேதியிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் வேறு விவசாய நிலம் வாங்கலாம். 1961ஆம் ஆண்டு சட்டத்தின் 54பி பிரிவு இது. புது நிலத்துக்குப் போட்ட தொகை அளவுக்கு லாபத்தில் விலக்கு உண்டு. கணக்குத் தாக்கலுக்குரிய தேதிக்குள் வாங்க முடியாவிட்டால், அந்தத் தேதிக்குள் பணத்தை பேங்கில் மூலதன ஆதாயக் கணக்கில் போட்டு வைக்க வேண்டும். சாதாரண சேமிப்புக் கணக்கில் இருக்கும் பணம் இதற்குச் சேராது. புது நிலத்தை மூன்று ஆண்டுகளுக்குள் விற்றால் கொடுத்த விலக்கு திரும்ப வரிக்கு வந்துவிடும்.

அண்ணனிடம் அப்போது கையிலிருந்தது 20 லட்சம்தான். கெடுவுக்குள் அதை அந்தக் கணக்கில் போட்டார். பிறகு தாராபுரம் பக்கம் அந்தப் பணத்துக்கே ஒரு மேட்டாங்காடு வாங்கினார். 44 லட்ச லாபத்தில் 20 லட்சம் கழிய, மீதி 24 லட்சத்துக்கு மேலே சொன்ன கணக்கின்படி 2,73,000 ரூபாய் வரி கட்டினார். கல்யாணத்துக்கு முன்பே தூரம் தெரிந்திருந்தால், எவ்வளவு செலவழிப்பது, எவ்வளவு பூமியில் போடுவது என்று யோசித்திருக்கலாம். சான்று வாங்க வேண்டிய நேரம் கணக்குத் தாக்கலுக்கு முந்தைய மாதம் அல்ல. அட்வான்ஸ் வாங்குவதற்கு முந்தைய மாதம்.

தம்பிக்கு வரி இல்லை என்றாலும் வேலை முடிந்துவிடவில்லை. தூரம் ஒரு பாதிதான். நிலம் உண்மையிலேயே விவசாய நிலமாக இருக்க வேண்டும் என்பது மறுபாதி. சூரத்தில் பயிர் செய்யாமல் நான்கு ஆண்டுகள் கிடந்த நிலத்தை, வீடு கட்டும் சங்கத்துக்குச் சதுர கெஜக் கணக்கில் விற்றவர்களின் வழக்கில், பதிவேட்டில் விவசாய நிலம் என்று இருந்தும் அது விவசாய நிலம் அல்ல என்று 1993இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. நம் பக்கத்திலும் சைட் போட்டு சென்ட் கணக்கில் விற்கும் பூமிக்கு இந்தச் சிக்கல் வரும். தம்பி கடைசிவரை சோளமும் கொள்ளும் விதைத்தவர், ஏக்கர் விலைக்கு விற்றவர். அடங்கல் நகல்கள், கிஸ்தி ரசீது, விதை, உரம் வாங்கிய பில்கள் ஆகியவற்றை இரண்டு நகராட்சிச் சான்றுகளோடு ஒரே கோப்பில் வைத்தார். கணக்குத் தாக்கலில் இந்தப் பணத்தை விவசாய வருமானம் என்று காட்டவில்லை. பயிர் விற்ற பணம்தான் விவசாய வருமானம். பூமி விற்ற பணத்தை வரி விலக்குள்ள வரவாக, நில விவரத்தோடு காட்டினார்.

இனி விற்க நினைப்பவர்கள் ஒன்றை மனதில் வைக்க வேண்டும். இந்த வரம்புக் கோடு ஒரே இடத்தில் நிற்பதில்லை. மாநகராட்சியோடு புதிதாக ஓர் ஊராட்சி சேர்ந்தால் எல்லை அந்த ஊருக்கு நகரும், ஆறு கிலோமீட்டரும் கூடவே நகரும். ஊரைச் சுற்றி 10,000 பேருக்கு மேல் வாழும் பேரூராட்சி இருந்தால் அதன் எல்லையிலிருந்தும் தூரம் கேட்டு வைப்பது நல்லது. 'வேறு எந்தப் பெயரால் அழைக்கப்பட்டாலும்' நகராட்சிதான் என்று சட்டம் சொல்வதால், அதிகாரி அதையும் கேட்கலாம். சூலூர் பக்கம் பூமி இருப்பவர்கள் கோவை மாநகராட்சியையும் பார்க்க வேண்டும். 2011இலேயே அதன் மக்கள்தொகை பத்து லட்சத்தைத் தாண்டிவிட்டதால் அங்கே வரம்பு 8 கிலோமீட்டர்.

திருப்பூருக்கும் அது வரலாம். அடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆட்கள் கணக்கு 2027இல் என்று அறிவிக்கப்பட்டிருக்கிறது. அதில் திருப்பூர் பத்து லட்சத்தைத் தாண்டினால், அந்த எண்ணிக்கை வெளியான பிறகு தொடங்கும் நிதியாண்டிலிருந்து வரம்பு 8 கிலோமீட்டர் ஆகிவிடும். 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வரும் புதிய வருமான வரிச் சட்டத்திலும் இதே 2, 6, 8 கிலோமீட்டர் அளவுகள்தான். அப்போது 6.3 கிலோமீட்டரில் இருக்கும் தம்பியின் பக்கத்துக் காட்டுக்காரர், தம்பியின் சான்றை நகல் எடுத்துக் காட்டி வரி இல்லை என்று சொல்ல முடியாது.